இரைச்சலுக்குள் 214 நானோவோல்ட்: லாக்-இன் ஆம்ப்ளிஃபையர் எப்படி வேலை செய்கிறது?

லாக்-இன் ஆம்ப்ளிஃபையர் என்றால் என்ன என்று ஆய்வகத்தில் யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "இரைச்சலை எல்லாம் நீக்கிட்டு சிக்னலை மட்டும் பெருசாக்கிக் காட்டும்." இதை அப்படியே நம்பிக் கருவியின் முன் உட்காருபவர்கள், திரையில் எந்த எண் வந்தாலும் அதைச் சிக்னல் என்று நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். தவறான அளவீடுகள் பலவும் அங்கேதான் பிறக்கின்றன.

இந்தக் கருவிக்கு இரைச்சலுக்குள் புகுந்து தேடத் தெரியாது. எது சிக்னல், எது இரைச்சல் என்று பார்த்துப் பிரிக்கவும் தெரியாது. நமக்கு வேண்டிய சிக்னலின் மேல் முன்கூட்டியே நாம் ஓர் அடையாளம் போட்டுவிடுகிறோம். அந்த அடையாளத்தோடு வருவதை மட்டும் கருவி பொறுமையாகக் கூட்டிச் சேர்க்கிறது. அடையாளம் என்பது ஓர் அதிர்வெண், அதாவது ஒரு நொடிக்கு இத்தனை முறை என்ற தாளம். இது எப்படி நடக்கிறது என்பதை ஒரே ஓர் அளவீட்டை எடுத்துக்கொண்டு, முதலில் இருந்து பார்ப்போம்.

## ஒரு செம்புக் கம்பியின் மின்தடை

1 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பி. அதில் 10 சென்டிமீட்டர் நீளத்தின் மின்தடையை அளக்க வேண்டும். செம்பின் மின்தடை எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் விடை சுமார் 2.14 மில்லி ஓம். சாதாரண மல்டிமீட்டரின் வயர்களுக்கே இதைவிடப் பல மடங்கு மின்தடை இருக்கும். அதனால் நான்கு வயர் முறையில் அளக்கிறோம்: இரண்டு வயர்கள் வழியாகக் கம்பிக்குள் கரண்ட் அனுப்புகிறோம், வேறு இரண்டு வயர்களால் அந்த 10 சென்டிமீட்டருக்கு இடையே எழும் வோல்டேஜை மட்டும் பார்க்கிறோம்.

செம்புக் கம்பிக்கு ஒரு ஆம்பியர் கொடுத்தாலே போதுமே, 2 மில்லிவோல்ட் வந்துவிடுமே என்று தோன்றும். உண்மைதான். ஆனால் நிஜமான ஆய்வில் அந்த இடத்தில் ஒரு மெல்லிய படலமோ, மிகக் குளிர்ந்த நிலையில் மின்தடையே இல்லாமல் போகும் மீக்கடத்தியோ இருக்கும். அதிகக் கரண்ட் கொடுத்தால் சாம்பிள் சூடாகிவிடும், அல்லது மீக்கடத்தும் தன்மையே போய்விடும். செம்புக் கம்பி அதற்கான பயிற்சிச் சாம்பிள். அதனால் இதிலும் 100 மைக்ரோ ஆம்பியர்தான் அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கிடைக்கும் வோல்டேஜ் 214 நானோவோல்ட். ஒரு நானோவோல்ட் என்பது ஒரு வோல்ட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இந்த 214 நானோவோல்ட்தான் சிக்னல், அதாவது நாம் அறிய விரும்பும் அளவு. அதே இரண்டு வயர்களில் அதோடு சேர்ந்து வரும் மற்ற எல்லாமே இரைச்சல். காதில் கேட்கும் சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

இங்கே வரும் இரைச்சல் மூன்று வகை. முதலாவது, வெப்பத்தால் எழும் வோல்டேஜ். செம்பும் ஈயப்பற்றும் சேரும் இரண்டு முனைகளுக்கு இடையே ஒரு டிகிரி வெப்ப வித்தியாசம் இருந்தாலே சில மைக்ரோவோல்ட் வந்துவிடும். ஒரு மைக்ரோவோல்ட் என்பது 1000 நானோவோல்ட், நம் சிக்னலைப் போல கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அதுவும் ஒரே இடத்தில் நிற்காது. ஏசி காற்று பட்டால் நகரும், யாராவது பக்கத்தில் வந்து நின்றால் நகரும். இரண்டாவது, சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு எத்தனை சுழற்சி என்பது. அளக்கும் வயர்கள் ஓர் ஆன்டெனா போல அந்த 50 ஹெர்ட்ஸை வாங்கிக்கொள்ளும். மூன்றாவது, அளக்கும் கருவியின் உள்ளேயே இருக்கும் மின்னணுப் பாகங்களின் இரைச்சல்.

வோல்டேஜை ஆயிரம் மடங்கு பெருக்கினால் என்ன ஆகும்? 214 நானோவோல்ட் 0.214 மில்லிவோல்ட் ஆகும். கூடவே மூன்று இரைச்சலும் ஆயிரம் மடங்காகும். இரண்டுக்கும் உள்ள விகிதம் கொஞ்சம்கூட மாறாது. பெருக்குவது மட்டுமே தீர்வாகாது என்பது இதனால்தான்.

## ஓடும் பஸ்ஸில் தராசு

ஓடும் பஸ்ஸில் மடியில் ஒரு மின்னணுத் தராசை வைத்துக்கொண்டு, ஒரு கிராம் ஏலக்காய்ப் பொட்டலத்தை எடை போட வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். குலுக்கலில் தராசின் எண் இப்படியும் அப்படியும் 20 கிராம் ஆடுகிறது. பொட்டலத்தை ஒருமுறை வைத்துப் பார்த்தால் எதுவுமே தெரியாது.

ஆனால் ஒன்று செய்யலாம். பொட்டலத்தை வைக்க வேண்டும், எடுக்க வேண்டும், மறுபடி வைக்க வேண்டும், மறுபடி எடுக்க வேண்டும். வைத்திருக்கும்போது வரும் எண்ணைக் கணக்கில் கூட்டுங்கள். எடுத்திருக்கும்போது வரும் எண்ணைக் கழியுங்கள். குலுக்கலுக்கு நம் கை எப்போது வைக்கிறது, எப்போது எடுக்கிறது என்று தெரியாது. அதனால் குலுக்கல் சில சமயம் கூட்டலில் விழும், சில சமயம் கழித்தலில் விழும், பெரும்பகுதி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். ஏலக்காய் மட்டும் எப்போதும் கூட்டலிலேயே விழும். தராசின் பூஜ்ஜியம் மெல்ல நகர்ந்துகொண்டே போனாலும் கவலை இல்லை. அடுத்தடுத்த நொடிகளில் ஒருமுறை கூட்டி ஒருமுறை கழிப்பதால் அந்த நகர்வும் கழிந்துவிடும்.

எத்தனை சுற்று வேண்டும்? நூறு சுற்றின் சராசரியில் தடுமாற்றம் சுமார் 3 கிராம். ஒரு கிராமைப் பார்க்க இது போதாது. பத்தாயிரம் சுற்று போனால் தடுமாற்றம் 0.3 கிராமுக்கு வந்துவிடும். இப்போது ஒரு கிராம் தெளிவாகத் தெரியும். சுற்று நூறு மடங்கானால்தான் தடுமாற்றம் பத்தில் ஒரு பங்காகிறது. லாக்-இன் கருவியும் இதே விலையைத்தான் கேட்கிறது. துல்லியம் வேண்டுமா, நேரம் கொடு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அளக்க வேண்டிய பொருளை நாமே ஒரு தாளத்தில் மாற்றுகிறோம். அதே தாளத்தில் கூட்டிக் கழிக்கிறோம். தாளத்தோடு சேராதவை அழிகின்றன, சேர்ந்தது மிஞ்சுகிறது. தாளம் நம் கையில் இருக்கிறது, அதனால்தான் இது முடிகிறது.

## கூட்டிக் கழிப்பதற்குப் பதில் பெருக்கல்

செம்புக் கம்பிக்கு வருவோம். பொட்டலத்தை வைத்து எடுப்பதற்குப் பதிலாக, கம்பிக்குள் போகும் கரண்டையே முன்னும் பின்னுமாக ஆடவிடுகிறோம். லாக்-இன் கருவியின் உள்ளேயே அலை உண்டாக்கும் ஓர் ஆஸிலேட்டர் இருக்கிறது. அதிலிருந்து 137 ஹெர்ட்ஸ், 1 வோல்ட் சைன் அலையை எடுத்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாகக் கம்பிக்கு அனுப்பினால், கம்பியின் மின்தடை மிகச் சிறியது என்பதால் கரண்ட் கிட்டத்தட்ட 100 மைக்ரோ ஆம்பியராகவே இருக்கும். இப்போது அந்த 214 நானோவோல்ட்டும் நொடிக்கு 137 முறை ஆடும். அடையாளம் விழுந்துவிட்டது.

ஆஸிலேட்டரின் அதே அலை கருவிக்கு உள்ளேயும் போகிறது. இதுதான் ரெஃபரன்ஸ்: சிக்னல் எந்தத் தாளத்தில் ஆடுகிறது என்று கருவிக்குச் சொல்லும் அலை. உள்ளே வரும் மொத்த வோல்டேஜையும், அதாவது சிக்னலும் இரைச்சலும் கலந்ததை, கருவி ஒவ்வொரு கணமும் ரெஃபரன்ஸால் பெருக்குகிறது. தராசில் கூட்டியது +1 ஆல் பெருக்கியதற்குச் சமம், கழித்தது −1 ஆல் பெருக்கியதற்குச் சமம். இங்கே +1, −1 என்று தாவாமல் சைன் அலையாக ஏறி இறங்குகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பெருக்கினால் என்ன நடக்கும் என்பதைப் பள்ளியில் படித்த ஒரு சூத்திரமே சொல்லிவிடும்:

```
sin(a) × sin(b) = ½ [ cos(a − b) − cos(a + b) ]
```

இரண்டு அலைகளைப் பெருக்கினால் இரண்டு புதிய அலைகள் வரும். ஒன்று அதிர்வெண்களின் வித்தியாசத்தில் ஆடும், மற்றது கூட்டுத்தொகையில் ஆடும். இதை நம் கம்பியில் போட்டுப் பாருங்கள். சிக்னல் 137, ரெஃபரன்ஸ் 137: வித்தியாசம் பூஜ்ஜியம், கூட்டினால் 274. பூஜ்ஜியம் ஹெர்ட்ஸ் என்றால் ஆடாமல் நிற்கும் வோல்டேஜ். சுவர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ்: வித்தியாசம் 87, கூட்டினால் 187. இரண்டுமே ஆடுகின்றன. வெப்பத்தால் வந்த வோல்டேஜ் ஏறக்குறைய ஆடாதது, பூஜ்ஜியம் ஹெர்ட்ஸ். அதை ரெஃபரன்ஸால் பெருக்கினால் அது 137 ஹெர்ட்ஸில் ஆடத் தொடங்கிவிடும்.

இந்த இடத்தை நிதானமாகப் பார்ப்பது நல்லது. உள்ளே வரும்போது ஆடாமல் நின்றவை எல்லாம் பெருக்கிய பிறகு ஆடுகின்றன. உள்ளே 137 இல் ஆடியது மட்டும் பெருக்கிய பிறகு நிற்கிறது. இனி செய்ய வேண்டியது, ஆடுவதை எல்லாம் தடுத்து நிற்பதை மட்டும் விடுவதுதான். அதற்கு ஒரு லோ-பாஸ் ஃபில்டர் போதும். மெதுவாக மாறுவதை வழிவிட்டு, வேகமாக ஆடுவதைத் தடுக்கும் சுற்று அது. சராசரி எடுப்பது என்றும் சொல்லலாம்.

## பத்து வரியில் செய்து பார்க்கலாம்

கருவி இல்லாமலும் இதைச் சோதிக்கலாம். கீழே உள்ள பைத்தான் நிரலில் சிக்னலின் உயரம் 0.01, இரைச்சலின் அளவு 1. அதாவது இரைச்சல் நூறு மடங்கு பெரிது. வரைபடமாகப் போட்டுப் பார்த்தால் சிக்னல் இருக்கும் சுவடே தெரியாது.

```python
import numpy as np
fs, T = 10000, 100
t = np.arange(0, T, 1/fs)
ref = np.sin(2*np.pi*137*t)
noise = np.random.randn(t.size)
data = 0.01*ref + noise
print(2*np.mean(data*ref))
```

கடைசி வரிதான் முழு லாக்-இன்: பெருக்கு, சராசரி எடு. சூத்திரத்தில் வரும் அரையை ஈடுகட்டத்தான் அந்த 2. ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலும் 0.0085 க்கும் 0.0115 க்கும் இடையே ஏதோ ஓர் எண் வரும். அப்புறம் `T` யை 100 இலிருந்து 1 ஆக்கிப் பல தடவை ஓட்டுங்கள். 0.02 வரும், அடுத்த முறை மைனஸில்கூட வரும். நேரத்தை நூறில் ஒரு பங்காக்கினோம், தடுமாற்றம் பத்து மடங்காகிவிட்டது. பஸ்ஸில் பார்த்த கணக்கு அப்படியே இங்கும் வருகிறது.

## எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்?

கருவியில் இந்தப் பொறுமையை அமைக்கும் குமிழ் ஒன்று உண்டு. அதன் பெயர் நேர மாறிலி: லோ-பாஸ் ஃபில்டர் எவ்வளவு நேரத்து வோல்டேஜைச் சராசரியாக்குகிறது என்பதன் அளவு. இது நீளமாக நீளமாக, 137 ஹெர்ட்ஸைச் சுற்றிக் கருவி திறந்து வைத்திருக்கும் சன்னல் குறுகுகிறது. எளிமையான ஒற்றை ஃபில்டர் என்றால், நேர மாறிலி 1 நொடிக்கு அந்தச் சன்னலின் அகலம் 0.25 ஹெர்ட்ஸ்.

இதன் பலனை எண்ணில் பார்ப்போம். ஆய்வகங்களில் பரவலாக உள்ள எஸ்ஆர்830 போன்ற கருவியின் உள்ளிரைச்சல் ஒரு ஹெர்ட்ஸ் அகலச் சன்னலில் சுமார் 6 நானோவோல்ட். சன்னல் அகலமானால் இரைச்சல் அகலத்தின் வர்க்கமூலத்தைப் போல வளரும். ஃபில்டரே இல்லாமல் ஒரு லட்சம் ஹெர்ட்ஸ் அகலத்தைத் திறந்து வைத்தால், 6 ஐ 316 ஆல் பெருக்க வேண்டும்: சுமார் 1900 நானோவோல்ட். சிக்னல் 214 தான், அதைப் பார்க்கவே முடியாது. 0.25 ஹெர்ட்ஸ் சன்னலில் அதே இரைச்சல் 3 நானோவோல்ட். 214 க்கு முன்னால் 3 என்றால் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு.

ஆக, இரைச்சல் முழுவதும் நீங்கவில்லை. 137 க்கு மிக அருகில் இருந்த இரைச்சல் சன்னல் வழியாக இன்னும் உள்ளே வந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த 3 நானோவோல்ட் அதுதான். அதையும் குறைக்க வேண்டுமானால் நேர மாறிலியை 100 நொடியாக்கலாம், 0.3 நானோவோல்ட் ஆகும். ஆனால் ஒரு மாற்றத்துக்குப் பிறகு திரையின் எண் உண்மை மதிப்பில் 99 சதவீதத்தை எட்ட ஐந்து நேர மாறிலி ஆகும். 500 நொடி, எட்டு நிமிடத்துக்கும் மேல், ஒரே ஒரு புள்ளிக்கு. பொதுவாக யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை.

நேரடியாக 137 ஹெர்ட்ஸை மட்டும் விடும் குறுகிய ஃபில்டர் ஒன்றைச் செய்தால் போதாதா என்று கேட்கலாம். அப்படி ஒரு ஃபில்டரை 0.25 ஹெர்ட்ஸ் அகலத்தில் செய்தால், அறையின் வெப்பம் சற்று மாறினாலே பாகங்களின் மதிப்பு மாறி, ஃபில்டர் சிக்னலை விட்டு விலகிப் போய்விடும். லாக்-இன்னில் அந்தப் பிரச்சினை இல்லை. சன்னல் எங்கே திறக்க வேண்டும் என்பதை ரெஃபரன்ஸே சொல்கிறது. ஆஸிலேட்டர் 137 இலிருந்து கொஞ்சம் நகர்ந்தால் சிக்னலும் நகரும், சன்னலும் கூடவே நகரும்.

இதனால்தான் ரெஃபரன்ஸும் சிக்னலும் ஒரே ஆஸிலேட்டரிலிருந்து வர வேண்டும். கரண்டை வேறொரு ஜெனரேட்டரில் இருந்து கொடுத்து, கருவியில் "137" என்று அமைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டுக்கும் 0.1 ஹெர்ட்ஸ் வித்தியாசம் இருந்தால், நிற்க வேண்டிய வோல்டேஜ் பத்து நொடிக்கு ஒருமுறை ஏறி, இறங்கி, மைனஸுக்குப் போய்த் திரும்பும். திரையில் எண் இப்படி ஒழுங்காக ஊசலாடினால் முதலில் பார்க்க வேண்டியது ரெஃபரன்ஸ் கேபிளைத்தான்.

சிக்னலை ஆடவைக்கக் கரண்ட் மட்டும்தான் வழி என்றில்லை. மங்கலான ஒளியை அளப்பவர்கள், ஓட்டைகள் போட்ட ஒரு தட்டை ஒளியின் குறுக்கே சுழற்றி அதை விட்டு விட்டுப் பாயவைக்கிறார்கள். 1946 இல் இயற்பியலாளர் ராபர்ட் டிக்கி வெளியிட்ட ரேடியோமீட்டரிலும் இதே யோசனைதான். மைக்ரோவேவ் குழாயின் பிளவுக்குள் ஒரு சக்கரத்தை நொடிக்கு 30 சுழற்சியாக வந்து போகவைத்து, ஆன்டெனாவிலிருந்து வரும் மிகச் சிறிய வெப்பக் கதிர்வீச்சைக் கருவியின் பெரிய இரைச்சலிலிருந்து பிரித்தார். அதற்கு முன்பே, 1941 இல், மைக்கேல்ஸும் கர்ட்டிஸும் வால்வுகளைக் கொண்டு ஒரு லாக்-இன் ஆம்ப்ளிஃபையரைச் செய்து கட்டுரை எழுதியிருந்தார்கள். பின்னாளில் டிக்கி நண்பர்களோடு சேர்ந்து தொடங்கிய நிறுவனம் இவற்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இந்தப் பகுதியின் சாரம்: நேர மாறிலி கூடினால் சன்னல் குறுகும், இரைச்சல் குறையும், காத்திருப்பு கூடும். சன்னலின் இடத்தை ரெஃபரன்ஸ் நிர்ணயிக்கிறது.

## திரையில் ஏன் X, Y, R?

இதுவரை சிக்னலும் ரெஃபரன்ஸும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்குகின்றன என்று வைத்துக்கொண்டோம். அப்படி இருந்தால் பெருக்கல் எப்போதும் பிளஸ்தான்: மேலே இருக்கும்போது பிளஸ் பெருக்கல் பிளஸ், கீழே இருக்கும்போது மைனஸ் பெருக்கல் மைனஸ். ஆனால் சிக்னல் கால் சுழற்சி பின்தங்கி வந்தால் பிளஸும் மைனஸும் சமமாக விழுந்து சராசரி பூஜ்ஜியமாகிவிடும். சிக்னல் இருந்தும் திரையில் எதுவும் தெரியாது. இரண்டு அலைகளுக்கு இடையே உள்ள இந்த முன்பின் வித்தியாசத்துக்குக் கட்டம் என்று பெயர்.

அதனால் கருவி இரண்டு பெருக்கல்களை ஒரே நேரத்தில் செய்கிறது. ஒன்று ரெஃபரன்ஸோடு, மற்றது கால் சுழற்சி நகர்த்திய ரெஃபரன்ஸோடு. முதலாவதன் விடை X, இரண்டாவதன் விடை Y. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் R. கட்டம் எதுவாக இருந்தாலும் R மாறாது.

R ஐ மட்டும் பார்த்தால் போதும், கட்டத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று இதிலிருந்து ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. மிகச் சிறிய சிக்னல்களில் அது ஆபத்தான பழக்கம். X க்கு மைனஸ் உண்டு, அதனால் சிக்னலே இல்லாதபோது X பூஜ்ஜியத்தைச் சுற்றி இருபுறமும் ஆடும். சராசரி எடுத்தால் பூஜ்ஜியம் வரும். R வர்க்கமூலம் என்பதால் மைனஸுக்குப் போகவே முடியாது. சிக்னல் துளியும் இல்லாவிட்டாலும் சில நானோவோல்ட்டை எப்போதும் காட்டிக்கொண்டே இருக்கும். மீக்கடத்தியில் மின்தடை பூஜ்ஜியமாகிவிட்டதா என்று R ஐப் பார்த்து முடிவு செய்தால், கொஞ்சம் மின்தடை மிச்சம் இருக்கிறது என்றே தோன்றும். அந்தக் கேள்விக்கு X ஐத்தான் பார்க்க வேண்டும்.

## கம்பியின் அளவீடு, எண்களோடு

இப்போது செம்புக் கம்பியை 137 ஹெர்ட்ஸில் அளந்தால் X இல் 214 நானோவோல்ட் வரும். Y இலும் ஒரு சிறிய எண் வரும், 8 அல்லது 9 நானோவோல்ட். இது எங்கிருந்து வந்தது? 10 சென்டிமீட்டர் கம்பிக்கு மின்தடையோடு கொஞ்சம் தூண்டல் பண்பும் உண்டு. கரண்ட் மாறும்போது அதன் காந்தப்புலம் மாறி ஒரு வோல்டேஜை உண்டாக்கும் பண்பு அது. இந்த அளவுக் கம்பிக்கு சுமார் 100 நானோஹென்றி. இதனால் எழும் வோல்டேஜ் சரியாகக் கால் சுழற்சி முன்னே நிற்கும், ஆகவே Y இல் விழும். வோல்டேஜை எடுக்கும் வயர்கள் எப்படி வளைந்து கிடக்கின்றன என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும். அந்த இரண்டு வயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கி வைப்பது இதற்காகத்தான்.

அதிர்வெண்ணைப் பத்து மடங்காக்கி 1370 ஹெர்ட்ஸில் பாருங்கள். X 214 இலேயே இருக்கும். Y மட்டும் பத்து மடங்காகி 86 ஐ ஒட்டி வரும். மின்தடை அதிர்வெண்ணோடு மாறாது, தூண்டல் மாறும். R ஐ மட்டும் படித்திருந்தால் 214 க்குப் பதில் 231 என்று எழுதியிருப்போம். எட்டு சதவீதம் அதிகமான மின்தடை, அது கம்பியில் இல்லவே இல்லை. அதிர்வெண்ணை மாற்றிப் பார்ப்பது அவ்வளவு எளிய சோதனை. அதைச் செய்யாமல் எந்த அளவீட்டையும் நான் நம்பமாட்டேன்.

அப்படியானால் அதிர்வெண்ணை மிகக் கீழே கொண்டுபோகலாமா? அதற்கும் எல்லை உண்டு. மின்னணுப் பாகங்களின் இரைச்சல் சில ஹெர்ட்ஸுக்குக் கீழே வேகமாக ஏறும். 50, 100, 150 ஆகியவை சுவர் மின்சாரத்தின் இடங்கள், அவற்றை ஒட்டியும் போகக்கூடாது. 137 இந்த எல்லாவற்றிலிருந்தும் தள்ளி நிற்கும் ஓர் எண். அதைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் எதுவும் இல்லை.

## கருவியால் கண்டுபிடிக்க முடியாத பொய்

பஸ்ஸில் பொட்டலத்தை வைக்கும் ஒவ்வொரு முறையும் கை தராசை லேசாக அழுத்திவிடுகிறது என்றால்? அந்த அழுத்தமும் ஒவ்வொரு முறையும் கூட்டலில் விழும். பத்தாயிரம் சுற்று போனாலும் அழியாது. லாக்-இன்னுக்கும் இதுதான் பலவீனம். ஆஸிலேட்டரின் 1 வோல்ட் கேபிளும் நானோவோல்ட் அளக்கும் கேபிளும் அருகருகே ஓடினால், ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொஞ்சம் கசியும். கசிவும் 137 ஹெர்ட்ஸ்தான். கருவிக்கு அது சிக்னலைப் போலவே தெரியும். நேர மாறிலியை எவ்வளவு நீட்டினாலும், தவறான எண்ணையே இன்னும் நிலையாகக் காட்டும். எண் ஆடாமல் நிற்பது அது சரி என்பதற்குச் சாட்சி ஆகாது.

கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி: ஆஸிலேட்டரை 1 வோல்ட்டிலேயே வைத்துவிட்டு, 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை எடுத்து 5 கிலோ ஓம் போடுங்கள். கம்பியின் கரண்ட் இரட்டிப்பாகும், அதனால் உண்மையான சிக்னலும் 214 இலிருந்து 428 ஆக வேண்டும். கேபிளிலிருந்து கேபிளுக்குக் கசியும் வோல்டேஜ் அந்த 1 வோல்ட்டை மட்டுமே பொறுத்தது, அது மாறாது. எண் 214 இலிருந்து 400 க்குத்தான் போனது என்றால், கூடிய 186 தான் உண்மைச் சிக்னல், மீதி 28 கசிவு. ஆஸிலேட்டரின் வோல்டேஜைக் கூட்டி இந்தச் சோதனையைச் செய்தால் எதுவும் தெரியாது, ஏனென்றால் இரண்டுமே சேர்ந்து கூடிவிடும்.

இன்னொரு தவறு, சாம்பிள் மாறும் வேகத்துக்குக் கருவி ஈடுகொடுக்காதபோது வருவது. மீக்கடத்தியைக் குளிர்வித்துக்கொண்டே மின்தடையை எழுதிக்கொண்டு போகிறோம், வெப்பநிலை நிமிடத்துக்கு ஒரு கெல்வின் இறங்குகிறது, நேர மாறிலி 3 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஃபில்டரில் திரையின் எண் 3 நொடி பின்தங்கி வரும், அதாவது 0.05 கெல்வின் தள்ளிப் பதிவாகும். பல கருவிகளில் நான்கு ஃபில்டர்களை வரிசையாகப் போடும் வசதி உண்டு. அதைப் போட்டிருந்தால் பின்தங்கல் 12 நொடி, 0.2 கெல்வின். குளிர்விக்கும்போது எடுத்த வளைவும் சூடாக்கும்போது எடுத்த வளைவும் எதிரெதிர்ப் பக்கம் நகர்ந்து, நடுவே 0.4 கெல்வின் இடைவெளி தெரியும். பார்ப்பவருக்குச் சாம்பிளிலேயே ஏதோ விசேஷம் இருப்பது போலத் தோன்றும். வெப்பநிலை மாறும் வேகத்தைப் பாதியாக்கி இரண்டு வளைவுகளையும் மறுபடி எடுங்கள். இடைவெளியும் பாதியானால் அது கருவியின் தாமதம். மாறாமல் நின்றால் மட்டும் சாம்பிளின் பக்கம் திரும்பிப் பார்க்கலாம்.